எல்லாம் வந்தாச்சு

ஒரகடத்தில் கார் சீட்டுக்கு அடியில் பொருத்தும் இரும்புப் பிராக்கெட்டுகள் செய்கிற கம்பெனி ஒன்றில் சாம்சன் பிளானிங் எஞ்சினியராக இருந்தான். படப்பையில் வீடு. வயது இருபத்தேழு. அவன் மேசைக்கு எதிர் மேசையில் டிஸ்பேட்ச் பார்க்கிற கலைமதி உட்கார்ந்திருந்தாள். எழிச்சூர்க்காரி, நாற்பதைத் தாண்டியவள், ஒன்பது வருடமாகக் கான்ட்ராக்டில் வேலை செய்பவள். எந்த பிராக்கெட் எத்தனை, எந்த வண்டியில், எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்பதை எழுதிக்கொடுப்பது அவள் வேலை.

அந்த எண்ணிக்கைகள், பிராக்கெட்டுகளை வாங்குகிற கார் கம்பெனியின் இணையப் போர்ட்டலில் இருந்தன. மொத்தம் நாற்பத்தாறு பார்ட் நம்பர். எல்லாவற்றையும் ஒரே பட்டியலாக இறக்கிக்கொள்ள அதில் வழியில்லை. ஒவ்வொரு நம்பராகத் தட்டி, வருகிற பக்கத்தில் இன்று, நாளை, நாளை மறுநாள் என்று மூன்று எண்களைப் பார்த்து எக்செல்லில் ஏற்ற வேண்டும். தினமும் காலையில் கலைமதிக்கு இரண்டு மணி நேரம் அதிலேயே போய்விடும். அவள் எண்ணை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஏற்றுவாள். ஏற்றி முடித்ததும் விரலை வைத்து மறுபடி ஒரு தரம் பார்ப்பாள்.

சாம்சன் தன் வேலைக்காக அதே போர்ட்டலிலிருந்து எண்களை எடுக்க பைத்தான் என்ற கணினி மொழியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருந்தான். அது தானாக லாகின் செய்து, நாற்பத்தாறு பக்கங்களையும் ஒவ்வொன்றாக வரவழைத்து, அட்டவணையில் இருக்கிற எண்களைப் பிடுங்கி எக்செல்லாக எழுதிவிடும். நான்கு நிமிட வேலை. வாரத்துக்கு ஒரு நாள், திங்கட்கிழமை மீட்டிங்குக்கு மட்டும் அதை ஓட்டுவான்.

ஒருநாள் கலைமதி அதைப் பார்த்துவிட்டாள்.

"இன்னா தம்பி இது, தானா ஓடிக்கினு கீது?"

"ஸ்கிரிப்ட்டுக்கா. உங்க வேலைதான். நீங்க ரெண்டு மணி நேரம் பண்றத இது பண்ணுது."

"எனுக்கும் ஒண்ணு போட்டுக் குடேன்."

அவள் கம்ப்யூட்டரில் பைத்தான் கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளை தட்டச் சொன்னால் அவள் மிரண்டுவிடுவாள். அதனால் ஸ்கிரிப்டை அப்படியே ஒரு புரோகிராமாகக் கட்டிக்கொடுப்பது என்று சாம்சன் முடிவு செய்தான். அதற்கென்றே ஒரு கருவி இருக்கிறது. அது நாம் எழுதியதையும், அது ஓடுவதற்கு வேண்டிய பைத்தானையும் சேர்த்து ஒரே எக்ஸி ஃபைலாக மூட்டை கட்டிவிடும். கலைமதி ஐகானை இரண்டு தட்டு தட்டினால் போதும்.

சொன்ன அளவுக்கு அது சுலபமாக இல்லை. முதல் நாள் ஆன்டிவைரஸ் அந்த ஃபைலைத் தின்றுவிட்டது. ஐடி ஆளிடம் பேசி அனுமதி வாங்கினான். இரண்டாம் நாள் புரோகிராம் ஓடியது, எக்செல்லைத்தான் எங்கேயும் காணோம். மூட்டை ஓடும்போது தன்னை ஒரு தற்காலிக ஃபோல்டரில் பிரித்துக்கொள்ளும், எக்செல்லும் அதற்குள் போய் விழுந்து, முடிந்ததும் ஃபோல்டரோடு அழிந்துபோயிருந்தது. அதைச் சரிசெய்தான். மூன்றாம் நாள், ஐகானைத் தட்டிப் பத்து விநாடி ஒன்றும் நடக்காததால் கலைமதி நான்கு முறை தட்டிவிட்டாள். நான்கு புரோகிராம்கள் ஒன்றாக ஓடி ஒரே ஃபைலுக்கு அடித்துக்கொண்டன.

"பொறுமையா ஒரு வாட்டி தட்டிட்டு வெயிட் பண்ணுங்கக்கா."

"அது ஒண்ணுமே சொல்லலயே தம்பி. தூங்குதா முழிச்சிக்கினு கீதான்னு எனுக்கு எப்டித் தெரியும்?"

அந்தக் கேள்வியை அவன் அப்போது காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நாலாவது நாள் போர்ட்டல் ஒரு பக்கத்தைச் சரியாகத் தரவில்லை. புரோகிராம் நடுவில் நின்று, ஆங்கிலத்தில் ஒரு முழ நீளப் பிழைச்செய்தியைத் திரையில் போட்டது. சாம்சன் அப்போது லைனில் மேனேஜரோடு நின்றுகொண்டிருந்தான். கலைமதி போன் செய்து, "தம்பி, இங்கிலீஷ்ல இன்னாமோ வந்துக்கீது, நான் எதனா ஒடச்சிட்டனா?" என்று கேட்டாள். மேனேஜர் திருமலை சிரித்துவிட்டார். "என்ன சாம்சன், உன் சாஃப்ட்வேர் படுத்துக்கிச்சா?" என்றார். பக்கத்தில் நின்ற சூப்பர்வைசர்களும் சிரித்தார்கள்.

அன்று மாலை பஸ்ஸுக்கு இருபது நிமிடம் இருக்கும்போது சாம்சன் அந்த மாற்றத்தைச் செய்தான். ஏதாவது ஒரு பக்கம் வராவிட்டால் நிற்க வேண்டாம். அந்தப் பார்ட்டுக்கு முந்தைய ஃபைலில் இருந்த எண்ணையே வைத்துக்கொண்டு அடுத்ததற்குப் போய்விடு என்று எழுதினான். ஒரு பக்கம்தானே, எண் ஒரு நாளில் பெரிதாக மாறிவிடாது என்று நினைத்தான். எது வரவில்லை என்று ஒரு வரி அச்சாகும்படியும் வைத்தான். ஆனால் மூட்டை கட்டும்போது கறுப்பு ஜன்னல் வராதபடி கட்டினான். ஜன்னல் இல்லாவிட்டால் அந்த வரி யார் கண்ணிலும் படாது என்பது அவனுக்குத் தெரியும். கடைசியில், எது நடந்தாலும் நடக்காவிட்டாலும், "எல்லாம் வந்தாச்சு" என்று தமிழில் ஒரு சின்னப் பெட்டி வரும்படி செய்தான். எக்செல்லின் தலைப்பில் அன்றைய தேதியும் நேரமும் விழும்.

கலைமதிக்கு அந்தப் பெட்டி மிகவும் பிடித்துப்போனது. "தம்பி நம்ம பாஷைல பேச வெச்சிட்டான்" என்று லோடிங் ஆட்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினாள்.

இரண்டு மாதம் ஒரு தொந்தரவும் இல்லை. வேலையை எளிதாக்கும் யோசனைகளுக்குக் கம்பெனி தரும் கெய்சன் பரிசு சாம்சனுக்கு வந்தது. தினமும் இரண்டு மணி நேரம் மிச்சம் என்று சான்றிதழில் எழுதியிருந்தார்கள். பிளான்ட் ஹெட் கையால் வாங்கும்போது, "இவங்க கேக்கலன்னா நான் செஞ்சிருக்க மாட்டேன் சார்" என்று சொல்லிக் கலைமதியையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டான். அவள் புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு போட்டோவுக்கு விறைப்பாக நின்றாள்.

போர்ட்டலுக்குள் போகக் கம்பெனிக்கு ஒரே ஒரு லாகின்தான். தொண்ணூறு நாளுக்கு ஒருமுறை பாஸ்வேர்டை மாற்றச் சொல்லும். ஒரு திங்கட்கிழமை மாலை சாம்சன் வேறொரு வேலையாக உள்ளே போனபோது மாற்றச் சொன்னது. மாற்றினான். உடனே தன் லேப்டாப்பில் ஸ்கிரிப்டைத் திறந்து புதிய பாஸ்வேர்டை அதில் எழுதிச் சேமித்தான். சரியாக வேலை செய்கிறதா என்று ஒருமுறை ஓட்டியும் பார்த்தான். நாற்பத்தாறும் வந்தன. லேப்டாப்பை மூடிவிட்டு பஸ் ஏறினான்.

கலைமதியிடம் இருந்தது இரண்டு மாதத்துக்கு முன்னால் கட்டிய மூட்டை. கட்டிய அன்று என்ன எழுதியிருந்ததோ அதுதான் அதற்குள் இருக்கும். அவன் தன் ஸ்கிரிப்டில் எதை மாற்றினாலும், மறுபடி கட்டிக் கொண்டுபோய் வைக்காதவரை, அவள் மூட்டைக்கு அது தெரியாது. இது சாம்சனுக்குத் தெரியாத விஷயம் இல்லை. அன்றைக்கு அவன் நினைவில் கலைமதியே இல்லை, அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை காலை கலைமதி ஐகானைத் தட்டினாள். பழைய பாஸ்வேர்டைப் போர்ட்டல் ஏற்கவில்லை. எந்தப் பார்ட்டைக் கேட்டாலும் லாகின் பக்கத்தையே திருப்பித் திருப்பி அனுப்பியது. அதில் அட்டவணை ஏது? ஒன்று வரவில்லை, பழைய எண்ணை வைத்துக்கொள். அடுத்தது வரவில்லை, பழைய எண். நாற்பத்தாறுக்கும் அப்படியே. திங்கட்கிழமை எண்கள் செவ்வாய்க்கிழமைத் தேதியோடு எக்செல்லில் உட்கார்ந்தன. எல்லாம் வந்தாச்சு என்று பெட்டி சொன்னது.

புதன்கிழமையும் அப்படித்தான். இரண்டு நாளும் உண்மையான எண்கள் கொஞ்சம்தான் விலகியிருந்தன, வாங்குகிற இடத்து ஸ்டாக் அதைத் தாங்கிக்கொண்டது. வியாழக்கிழமை அவர்கள் வேறு மாடல் வண்டியைக் கூட்டியிருந்தார்கள். வலது பக்க பிராக்கெட் ஒன்று நானூற்று எண்பதிலிருந்து தொள்ளாயிரமாக ஏறியிருந்தது. கலைமதியின் பட்டியல் நானூற்று எண்பது என்றது. நானூற்று எண்பது போனது. மதியம் இரண்டேகாலுக்கு அங்கே அசெம்பிளி லைன் நின்றுவிட்டது. மீதியை ஏற்றிக்கொண்டு சாம்சன் கம்பெனி வண்டி அடித்துப் பிடித்துப் போய்ச் சேர ஐம்பது நிமிடம் ஆயிற்று. ஐம்பது நிமிடம் லைனை நிறுத்திய சப்ளையர் என்று பெயர் வாங்குவது அந்த வட்டாரத்தில் சின்ன விஷயமில்லை.

வெள்ளிக்கிழமை காலை மீட்டிங். திருமலை, குவாலிட்டி ஆள், சாம்சன், கலைமதி. கலைமதி உட்காராமல் நின்றாள்.

"போர்ட்டல்ல தொள்ளாயிரம் போட்டு ரெண்டு நாளாச்சு," என்றார் திருமலை. "உங்க ஷீட்ல நானூத்தி எம்பது இருக்கு. எப்படிம்மா?"

"நான் தட்டினேன் சார். அது குடுத்தத எடுத்துப் போட்டேன்."

"புரோகிராம் தப்பாக் குடுத்துச்சுன்றீங்களா?"

கலைமதி சாம்சனைப் பார்த்தாள். "அப்டிச் சொல்லல சார். அது குடுத்ததத்தான் போட்டேன்."

"சாம்சன், உன்னோடத ஓட்டிப் பாரு இப்ப."

சாம்சன் லேப்டாப்பைத் திறந்து ஸ்கிரிப்டை ஓட்டினான். நான்கு நிமிடம் எல்லாரும் காத்திருந்தார்கள். வரிகள் ஒவ்வொன்றாக இறங்கின. தொள்ளாயிரம் வந்தது. திரையை அவர் பக்கம் திருப்பினான்.

திருப்பும்போதுதான் ஸ்கிரிப்டின் மேல்புறத்தில் பாஸ்வேர்ட் எழுதியிருந்த வரி அவன் கண்ணில் பட்டது. அவன் விரல் லேப்டாப்பின் ஓரத்திலேயே நின்றது. திங்கட்கிழமை மாற்றியது. மூட்டையை மறுபடி கட்டவில்லை. நாற்பத்தாறும் பழைய எண். எல்லாம் ஒரே நொடியில் அவனுக்கு விளங்கிவிட்டது.

"எங்கிட்ட கரெக்டா வருது சார்," என்றான்.

சொன்னதில் பொய்யான சொல் ஒன்றுகூட இல்லை. அதுதான் பிறகு அவனை அதிகம் அரித்தது.

"அப்ப பழைய ஃபைலத் தொறந்திருக்காங்க," என்றார் குவாலிட்டி ஆள், எழுதிக்கொண்டே.

"தேதி அன்னிக்கித் தேதிதான் சார் இருந்துச்சி..." கலைமதி இழுத்தாள். பிறகு அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. "நான் சரியாப் பாக்கலயோ இன்னாவோ," என்றாள்.

அன்று மதியத்துக்குள் கார் கம்பெனிக்கு ரிப்போர்ட் போய்விட்டது. காரணம்: பணியாளரின் கவனக்குறைவு. தீர்வு: பணியாளரை மாற்றியாகிவிட்டது. கலைமதியின் கையில் ஆங்கிலத்தில் ஒரு மெமோவைக் கொடுத்து, திங்கட்கிழமைக்குள் பதில் எழுதித்தர வேண்டும் என்று சொல்லி, பேக்கிங்குக்கு அனுப்பினார்கள். அவள் நாற்காலியில் பேக்கிங்கிலிருந்து பாபு என்பவனைக் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள்.

மாலை பாபு டீ குடிக்கப் போன நேரத்தில் சாம்சன் அந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஐகானைத் தட்டினான். நாற்பத்தாறு எண்களும் திங்கட்கிழமை எண்கள். மேலே வெள்ளிக்கிழமைத் தேதி. எல்லாம் வந்தாச்சு என்றது பெட்டி. அவன் பாக்கெட்டிலிருந்து பென் டிரைவை எடுத்தான். மதியமே புதிய பாஸ்வேர்டோடு வேறு மூட்டை கட்டிவைத்திருந்தான். பழையதை அழித்துவிட்டுப் புதியதை அதே பெயரில் வைத்தான். பழைய எக்செல்களையும் அழித்தான். குப்பைத்தொட்டியையும் காலி செய்தான். நாற்காலியை விட்டு எழுந்தான். பாபு டீயோடு வந்து, "இன்னா சார், எதனா பிராப்ளமா?" என்றான்.

"ஒண்ணும் இல்ல. அப்டேட்," என்றான் சாம்சன்.

பஸ்ஸில் அவன் தனக்குத்தானே சில காரணங்களைச் சொல்லிக்கொண்டு வந்தான். புரோகிராம் இப்போது சரியாகிவிட்டது. இனி யாருக்கும் நஷ்டமில்லை. அக்காவைக் கொஞ்ச நாளில் திரும்பக் கூப்பிட்டுக்கொள்வார்கள். தான் சொன்னால் தன் வேலை போகும், சொல்லாவிட்டால் அவளுக்கு இடம்தான் மாறும். படப்பை வரும்வரை இதையே புரட்டிக்கொண்டிருந்தான். வீட்டில் அம்மா லூர்தம்மாள் சாப்பாடு போட்டபடி, "அந்தக் கலைமதி நல்லாருக்காளாடா?" என்று சாதாரணமாகக் கேட்டாள். போட்டோவில் பார்த்த பழக்கம். அவன் தலையை நிமிர்த்தாமல் "ம்" என்றான். அந்த "ம்" அவனுக்கே கேவலமாக இருந்தது.

சனிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் கலைமதி அவன் மேசைக்கு வந்தாள். கையில் மெமோ. பேக்கிங்கில் போடும் நீல ஏப்ரனோடு வந்திருந்தாள். ஒரு நாள் நின்றே வேலை செய்ததில் ஒரு காலை மாற்றி மாற்றி ஊன்றினாள்.

"தம்பி, சாப்ட்டியா?"

"ஆச்சுக்கா."

"ஒரு ஒதவி. இதுக்குப் பதில் இங்கிலீஷ்ல எழுதணுமாம். எங்க வூட்ல பையன எழுதச் சொல்லலாம்னு பாத்தேன், அவனுக்கு இன்னாத்துக்கு இது தெரியணும்னு விட்டுட்டேன். நீ நாலு வரி எழுதிக் குடு. உனக்குன்னா நல்லா வரும்."

"என்னன்னு எழுதணும்?"

"தப்பு எம்மேலதான்னு எழுது. பழைய ஃபைலத் தொறந்துட்டேன், மன்னிச்சிடுங்க, இனிமே பாத்துப் பண்றேன்னு. ஒன்பது வருஷத்துல ஒரு தப்பும் வந்ததில்லன்னு ஒரு வரி சேத்துக்க. அது உண்மதானே?"

சாம்சன் தட்டெழுத ஆரம்பித்தான். எழுதுவது சுலபமாக இருந்தது. ஐந்து வரி. அச்செடுத்துக் கொடுத்தான். அவள் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பி நீட்டினாள்.

"தமிழ்ல ஒரு வாட்டி சொல்லு. எதுல கையெழுத்துப் போடறேன்னு எனுக்குத் தெரியணும்ல."

அவன் தாளைப் பார்த்துத் தமிழில் சொன்னான். "மதிப்புக்குரிய ஐயா. செவ்வாய், புதன், வியாழன் ஆகிய மூணு நாளும், என் கவனக்குறைவால, நான் பழைய ஃபைலத் தொறந்து..."

கலைமதி ஒவ்வொரு சொல்லுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தாள். "ஆமா," என்றாள். "ஆமா, தொறந்து."

அவனால் அடுத்த வரிக்குப் போக முடியவில்லை. தாளை மேசைமேல் வைத்தான்.

"அக்கா, நீங்க பழைய ஃபைலத் தொறக்கல."

"இன்னா?"

"நான் பாஸ்வேர்ட மாத்தினேன். உங்களோடதுல மாத்தல. அது உள்ள போகவே இல்ல. எதுவும் வரலன்னா பழைய நம்பரயே போட்டுக்கோன்னு நான்தான் எழுதி வச்சேன். நீங்க போன் பண்ணக் கூடாதுன்னு. தேதி மட்டும் புதுசா விழும். எல்லாம் வந்தாச்சுன்னு அது எப்பவும் சொல்லும்க்கா. வந்தாலும் சொல்லும், வரலன்னாலும் சொல்லும்."

அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"இது உனக்கு எப்ப தெரியும்?"

நேற்றுச் சாயந்திரம் என்று சொல்லலாம். "மீட்டிங்லயே தெரியும்," என்றான்.

"நான் நின்னுக்கினு இருந்தப்பவா?"

"ஆமாக்கா. நேத்து பாபு இல்லாதப்ப புதுசு வச்சிட்டேன். பழசெல்லாம் அழிச்சிட்டேன்."

கலைமதி அவனைத் திட்டவில்லை. திட்டினால் தேவலை என்று அவனுக்கு இருந்தது.

"ரெண்டு நாளா நான் இன்னா பண்ணிக்கினு இருந்தேன் தெரியுமா?" என்றாள். குரல் இறங்கியிருந்தது. "கண்ணு மங்கிப் போச்சோன்னு நெனச்சேன். நேத்து வூட்டுக்குப் போறப்ப ஒரு கடைல நின்னு, போர்டுல கீற நம்பரெல்லாம் படிச்சிப் பாத்தேன். நானூத்தி எம்பதயும் தொள்ளாயிரத்தயும் கொழப்பிக்கிற அளவுக்கு நமக்கு இன்னா ஆயிப்போச்சுன்னு. கையால எழுதறப்ப தப்பு வந்தா எந்த எடத்துல வந்துச்சுன்னு எனுக்குத் தெரியும். இதுல எனுக்கு ஒண்ணும் தெரியல. நீ சொன்னத நம்பித் தட்டினேன்."

"அக்கா, நான்..."

"இரு. நீ பாட்டுக்கு முழுசாப் படிச்சிக் காட்டியிருந்தா நான் கையெழுத்துப் போட்டிருப்பேன் இல்ல?"

அவள் அந்தத் தாளை எடுத்து, நான்காக மடித்து, ஏப்ரன் பாக்கெட்டில் வைத்துக்கொண்டாள். "இது எங்கிட்டயே இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். வெளியே மணி அடித்தது. பேக்கிங்குக்குத் திரும்புகிறவர்கள் ஜன்னலுக்கு வெளியே வரிசையாகப் போனார்கள்.

சாம்சன் திருமலையின் அறைக்குப் போனான். நடந்ததைச் சொன்னான். அவர் கேட்டுக்கொண்டே எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"ரிப்போர்ட் போயாச்சு. கஸ்டமர் அக்செப்ட் பண்ணியாச்சு. இப்ப போய் இல்ல சார், எங்க எஞ்சினியர் பண்ண புரோகிராம்தான்னு சொன்னா, ஆடிட் டீமே வந்து உக்காரும். உன் கெய்சனுக்கு அப்ரூவல் கையெழுத்து யாருது? என்னுது. தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

"அந்தம்மாவ ரெண்டு மாசத்துல திரும்பக் கொண்டாந்துடலாம். நீ வாய மூடிக்கினு போ."

நேற்றைய சாம்சனாக இருந்தால் அதோடு நிம்மதியாக வெளியே வந்திருப்பான். தனக்கு வேண்டிய உத்தரவை மேலதிகாரியே தந்துவிட்டார். வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தபோதும் ஒரு நிமிடம் அந்த நிம்மதி வரத்தான் செய்தது. அது வந்ததுதான் அவனுக்குத் தாங்கவில்லை. மெயிலைத் திறந்து, பாஸ்வேர்டிலிருந்து பென் டிரைவ் வரை எல்லாவற்றையும் எழுதினான். அனுப்புவதற்கு முன் கலைமதியின் கம்ப்யூட்டர் இரவுகளில் சர்வரில் நகலெடுத்து வைக்கப்படுவது நினைவுக்கு வந்து, ஐடி ஆளிடம் கேட்டு அழித்த மூட்டையையும் மூன்று நாள் எக்செல்களையும் மீட்டு அதோடு சேர்த்தான். பிளான்ட் ஹெட்டுக்கும் எச்ஆருக்கும் திருமலைக்கும் அனுப்பினான். அனுப்பியபின் கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வெகு நேரம் அங்கேயே நின்றான்.

அடுத்த இரண்டு வாரமும் மோசமாகப் போனது. கஸ்டமரிடமிருந்து மூன்று பேர் வந்து ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு முன்னால் பழைய மூட்டையை ஓட்டிக்காட்ட வேண்டியிருந்தது. "எதுவும் வராமலேயே வந்ததாகச் சொல்லும்படி ஏன் வைத்தீர்கள்?" என்று அவர்களில் ஒரு பெண் கேட்டார். கோபமில்லாமல், தெரிந்துகொள்ளக் கேட்டார். "யாரும் என்னைக் கூப்பிடக் கூடாதுன்னு," என்றான் சாம்சன். வேறு நல்ல காரணம் எதுவும் அவனுக்குக் கிடைக்கவில்லை. எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். அந்த வருட ஊதிய உயர்வு கிடையாது என்றார்கள். திருமலை வேலை சம்பந்தமாகத் தவிர அவனிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டார். கலைமதியின் மெமோவை ரத்து செய்தார்கள். பன்னிரண்டாம் நாள் அவள் தன் நாற்காலிக்குத் திரும்பினாள். அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அவள் முதல் வேலையாக அந்த ஐகானை அழித்துவிட்டுக் கையால் ஏற்ற ஆரம்பித்தாள். நான்கு நாள் அப்படிப் போனது. ஐந்தாம் நாள் சாம்சன் மேசைக்கு வந்து நின்றாள்.

"திரும்பப் பண்ணிக் குடு. ஆனா நான் சொல்ற மாதிரி."

அவன் எழுந்து நின்றான். அவள் உட்காரச் சொல்லவில்லை.

"பாஸ்வேர்ட உள்ள வெக்காத. ஒவ்வொரு வாட்டியும் எங்கிட்ட கேக்கட்டும், நான் போடறேன். உள்ள போவலன்னா போவலன்னு சொல்லட்டும். ஃபைலே வரக் கூடாது. ஒரு நம்பர் வரலன்னா அந்தக் கட்டம் காலியா, செவப்பா இருக்கணும். பழசு ஒண்ணும் வேணா. அத நான் கையால பாத்துக்குவேன். நாப்பத்தாறுல எத்தன வந்துச்சுன்னு எண்ணிச் சொல்லணும். ஓடறப்ப எந்த நம்பர்ல கீதுன்னும் தெரியணும்."

அவன் குறித்துக்கொண்டான். அவள் கேட்டது எல்லாமே முதல் நாளே அவன் செய்திருக்க வேண்டியவை. எதுவும் கஷ்டமானதில்லை. இரண்டு நாளில் முடித்துக் கொண்டுபோனான்.

கலைமதி தட்டினாள். பாஸ்வேர்ட் கேட்டது. வேண்டுமென்றே தப்பாக ஒன்றைப் போட்டாள். "உள்ளே போக முடியவில்லை. எந்த எண்ணும் எடுக்கவில்லை" என்று சிவப்பில் வந்தது. ஃபோல்டரைத் திறந்து ஃபைல் ஏதும் வந்திருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை. பிறகு சரியான பாஸ்வேர்டைப் போட்டு ஓடவிட்டு, பதினேழாவது எண்ணில் போய்க்கொண்டிருக்கும்போது மேசைக்கடியில் குனிந்து நெட்வொர்க் ஒயரைப் பிடுங்கினாள். பதினேழோடு நின்றது. மீதி இருபத்தொன்பதும் சிவப்பு. ஒயரை மறுபடி சொருகினாள். லோடிங் ஆட்கள் இரண்டு பேர் வந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். சாம்சன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். பரீட்சைத் தாளைத் தன் எதிரிலேயே திருத்துவதைப் பார்த்துக்கொண்டிருப்பதுபோல் முகம் சூடாக இருந்தது.

மூன்றாம் முறை முழுதாக ஓடவிட்டாள். நாற்பத்தாறில் நாற்பத்தாறு என்றது. அவள் போர்ட்டலைத் திறந்து, நடுநடுவே ஐந்து பார்ட்டுகளை எடுத்து, எண்ணை வாய்விட்டுச் சொல்லி, விரல் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தாள். ஐந்தும் சரி.

"தெனமும் அஞ்சு பாப்பேன்," என்றாள். "நல்லா ஓடினாலும் பாப்பேன்."

"பாருங்கக்கா."

"இன்னோண்ணு. இந்த ஜன்னலுக்குக் கீழ ஒரு வரி போடு. இத யாரு செஞ்சது, எந்தத் தேதில கட்டினது, எந்த நம்பருக்குப் போன் பண்ணணும்னு. நாளைக்கி இங்க வேற யாராவது ஒக்காருவாங்க. ஒண்ணும் புரியலன்னா தாந்தான் முட்டாள்னு நெனச்சிக்கினு ஒக்காரக் கூடாது."

சாம்சன் தன் மேசைக்குப் போய் அந்த வரியை எழுதினான். தன் பெயரை எழுத எப்போதும் யோசித்ததில்லை, அன்றைக்கு நான்கு எழுத்துக்கும் நேரம் பிடித்தது. தேதியைப் போட்டான். கைபேசி எண்ணைப் போட்டான். மறுபடி மூட்டை கட்டி எடுத்துவந்து அவள் கம்ப்யூட்டரில் வைத்தான்.

மறுநாள் காலை ஏழே முக்காலுக்கு, பஸ் ஒரகடத்தை நெருங்கிக்கொண்டிருக்கும்போது போன் வந்தது.

"ரெண்டு செவப்பு கீது," என்றாள் கலைமதி. "முப்பத்தி ஒண்ணு, முப்பத்தி நாலு."

"நான் இன்னும் பத்து நிமிஷத்துல வந்துடுவேன்க்கா. அதுவரைக்கும்..."

"நான் போர்ட்டல்ல பாத்துப் போட்டுட்டேன். நீ ஏன்னு மட்டும் பாரு."

போனை வைத்துவிட்டாள். சாம்சன் சீட்டில் உட்கார்ந்தபடியே லேப்டாப்பைத் திறந்தான்.